இப்போதுதான் இணைந்தவர்களுக்காக...

"இப்போதுதான் இணைந்திருக்கும் நண்பர்களுக்காக மீண்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்."

கடந்த ஆண்டு நாங்கள் நடத்திய நேரலைக் கருத்தரங்கு ஒன்றின் பதிவைச் சென்ற வாரம் முழுமையாக உட்கார்ந்து கேட்டேன். முதல் 22 நிமிடங்களில் இந்த வாக்கியம், சிற்சில சொல் மாற்றங்களோடு, 7 முறை வருகிறது. சொன்னவன் நான். அன்று இரவே முதுகலை மாணவி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார்: "அண்ணா, கூட்டத்தை ஏழு முறை தொடங்கினீர்கள். எப்போது நடத்தினீர்கள் என்றுதான் தெரியவில்லை." அப்போது சிரித்துக் கடந்துவிட்டேன். பதிவைக் கேட்டபோது சிரிக்க முடியவில்லை. ஆறரை மணிக்குச் சரியாக வந்து அமர்ந்தவருக்கு நான் கொடுத்தது, இனி ஏழு மணிக்கு வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது என்கிற பாடம். அடுத்தடுத்த அமர்வுகளில் அவர்கள் அந்தப் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதை வருகைப் பட்டியல் காட்டியது.

முதலில் சூழலைச் சொல்லிவிடுகிறேன். தில்லியில் ஆய்வு மாணவனாக இருக்கும் நானும், வேறு மூன்று நகரங்களில் மொழியியலும் வரலாறும் ஆய்கின்ற நண்பர்களும் சேர்ந்து மாதம் இருமுறை இணையவழிக் கருத்தரங்கு நடத்துகிறோம். பேசுவோர் ஜூமில் இருப்பார்கள். அங்கிருந்து யூடியூபில் நேரலையாகச் செல்லும். 2020க்குப் பின் இந்தியப் பல்கலைக்கழகங்களில் பழகிப்போன ஏற்பாடுதான். தொடக்கத்தைப் பேசுகிற பொறுப்பு பெரும்பாலும் என்னிடம் வரும். ஆகவே இது பிறரைக் குறை சொல்லும் பதிவன்று. என் கருத்து ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன்: தாமதமாக வருபவரை வாயால் வரவேற்க முற்படுவதே நம் தொடக்கவுரைகளைப் பாழாக்குகிறது. அவர் எந்த நிமிடத்தில் நுழைந்தாலும் சிறிது நேரத்திற்குள் தாமாகவே தம் இடத்தைக் கண்டுகொள்ளும்படி அத்தொடக்கத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எழுதிவைப்பது என்று நான் சொல்வது சொல்லுக்குச் சொல் எழுதுவதைத்தான். குறிப்பு வைத்துக்கொண்டு பேசினால் வாய் பழைய தடத்திற்கே போய்விடுகிறது.

நேரடி அரங்கில் இந்தச் சிக்கல் ஏன் எழுவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். அங்கே மேடையின் பின்புறம் ஒரு துணிப்பதாகை தொங்குகிறது. கருத்தரங்கின் பெயர், பேசுபவர், தலைப்பு, நாள் அனைத்தும் அதில் உள்ளன. அரை மணி நேரம் தாமதமாக வருபவர் ஓசைப்படாமல் கதவைத் திறந்து, பதாகையைப் பார்த்து, பின்வரிசையில் அமர்ந்து, பக்கத்திலிருப்பவரிடம் "எங்கே போய்க்கொண்டிருக்கிறது?" என்று காதோடு கேட்கிறார். பக்கத்திலிருப்பவர் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். பேசுபவருக்கு இது எதுவுமே தெரியாது. அவரை நிறுத்தி, வந்தவருக்காகத் தலைப்பை மறுபடி சொல்லச் சொன்னால் அரங்கமே முகம் சுளிக்கும். நேரலையிலோ பதாகையும் இல்லை, பக்கத்து இருக்கையும் இல்லை. அவ்விரண்டின் வேலையையும் பேசுபவரின் வாயே செய்ய வேண்டியதாகிறது. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

தாமதமாக வருபவருக்கு உண்மையில் தேவைப்படுபவை மிகச் சில. யார் பேசுகிறார், எதைப் பற்றி, பேச்சு இப்போது எங்கே நிற்கிறது, கேள்வி இருந்தால் எங்கே கேட்பது. இந்த நான்கு போதும். இவற்றுள் மூன்று, கூட்டம் முடியும்வரை மாறாதவை. மாறாதவற்றை வாயால் சொன்னால், இரண்டாம் முறையிலிருந்து அது வெறும் திரும்பச் சொல்லல்தான். ஆகவே அந்த மூன்றும் பதாகைக்குரியவை. ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் திரையின் அடியில் ஒரு பட்டையை வைத்து, பேசுபவர் பெயரையும் தலைப்பையும் கேள்வி கேட்கும் இடத்தையும் எழுதிவிடலாம். அது தெரியாதவர்கள் பேசுபவரின் காட்சிப்பக்கங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் அந்த வரியை இட்டுவிடலாம். எங்கள் முதல் சில அமர்வுகளில் அப்படித்தான் செய்தோம். எஞ்சுவது மூன்றாவது வினா மட்டுமே: பேச்சு இப்போது எங்கே நிற்கிறது. அதன் விடை நிமிடத்திற்கு நிமிடம் மாறுகிறது. மாறுவதைச் சொல்வது திரும்பச் சொல்வதாகாது.

பேஸ்பால் ஆட்டத்தை வானொலியில் வருணித்த அமெரிக்கர் ரெட் பார்பரைப் பற்றி அறிந்திருப்பீர்கள். முட்டை வேகவைக்கப் பயன்படும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றைத் தம் முன்னே வைத்திருப்பாராம். மணல் தீர்ந்ததும் அதைத் திருப்பி வைத்து, ஆட்ட நிலவரத்தைச் சொல்வார். வானொலியைத் திருப்பியவர் எவரும் மூன்று நிமிடங்களுக்கு மேல் நிலவரம் தெரியாமல் காத்திருக்க வேண்டாம் என்பது நோக்கம். நம் ஊர்த் தேநீர்க் கடையில் கிரிக்கெட் வருணனை ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே வருகிறவர் எல்லாருக்கும் பொதுவான முதல் கேள்வி "ஸ்கோர் என்ன?" என்பதுதானே. யார் விளையாடுகிறார்கள், எந்த மைதானம், யார் வருணிக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: காலையிலிருந்து அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர் நிலவரம் சொல்லப்படும்போது சலித்துக்கொள்வதில்லை. அவருக்கும் அது தேவை. ஒவ்வொரு முறையும் எண் மாறியிருக்கிறது. அவர் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு சரிதானா என்று பார்த்துக்கொள்கிறார். ஒரே வாக்கியம் இருவருக்கும் இரு வேலைகளைச் செய்கிறது. நேரலைத் தொடக்கத்திற்கு நமக்கு வேண்டியது இப்படிப்பட்ட வாக்கியமே.

"இப்போதுதான் இணைந்தவர்களுக்காக" என்கிற தொடர் ஏன் இவ்வளவு எரிச்சலூட்டுகிறது என்பதற்கும் விளக்கம் தேடினேன். எர்விங் காஃப்மன் 1979இல் எழுதி, பின்னர் 1981இல் வெளிவந்த தம் நூலில் சேர்த்த கட்டுரை ஒன்றில், பேச்சின்போது பேசுபவர் தமக்கும் கேட்போருக்கும் இடையேயான நிலையைக் கணத்திற்குக் கணம் மாற்றிக்கொள்வதை ஆராய்கிறார். 'ஃபுட்டிங்' என்பது அவர் வைத்த பெயர். அதை இங்கே பொருத்திப் பார்த்தால் விளங்கிவிடுகிறது. அந்தத் தொடரை நான் உச்சரித்தவுடன், பின்னால் வரும் சொற்களின் உரிய கேட்போர் புதிதாக வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். தொடக்கத்திலிருந்தே இருப்பவர்கள், பிறருக்குச் சொல்லப்படுவதை ஒட்டுக்கேட்பவர்களின் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். நேரத்திற்கு வந்ததற்குக் கிடைத்த பரிசு அது. சொன்ன செய்தி பழையது என்பதைவிட, தமக்கானது அன்று என்பதுதான் அவர்களைக் கைப்பேசியை எடுக்கவைக்கிறது. எனவே எழுதும்போது எனக்கு நானே இட்டுக்கொண்ட விதி: கேட்போரை வந்த நேரத்தால் பிரிக்கும் எந்தச் சொல்லும் உரையில் இருக்கக்கூடாது. 'இப்போது இணைந்தவர்கள்', 'முன்பே இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்', 'மீண்டும் ஒருமுறை' ஆகிய மூன்றும் போய்விட்டன.

இவ்விடத்தில் வருகைப் பட்டியலைப் பற்றி ஒரு செய்தி. ஜூம் கூட்டம் முடிந்தபின் கிடைக்கும் அறிக்கையில் ஒவ்வொருவரும் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் இருக்கும். நாங்கள் தாமதமாக வந்தோர் என்று எண்ணியிருந்தவர்களின் பெயர்களைத் தேடியபோது, பலருடைய பெயர் இரண்டு மூன்று வரிகளில் வந்தது. அவர்கள் தாமதமாக வரவே இல்லை. இணைப்பு அறுந்து, திரும்பி வந்தவர்கள். விடுதி வைஃபையில் ஒருவர், ஊரில் கைப்பேசித் தரவை நம்பி ஒருவர், பேருந்தில் போய்க்கொண்டே ஒருவர். தலைப்பும் பேசுபவரும் அவர்களுக்குத் தெரியும். தெரியாதது, தாம் இல்லாத அந்த நான்கு நிமிடங்களில் பேச்சு எங்கே நகர்ந்தது என்பது மட்டுமே. நானோ அவர்களுக்குப் பேச்சாளரின் பட்டங்களை இன்னொரு முறை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தப் பட்டியலைப் பார்க்காதவரை எனக்கு இது உறைக்கவில்லை. இந்தியாவில் நேரலை நடத்துகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த அறிக்கையைத்தான் என்பேன்.

இனி ஓர் அமர்வை எடுத்துக்கொண்டு, எழுதியதை அப்படியே காட்டுகிறேன். பொருள், கிரியர்சனின் இந்திய மொழியியல் கணக்கெடுப்பும் அதனையொட்டி எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகளும். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் பதிவான அந்த ஒலித்தட்டுகளைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம் இணையத்தில் கேட்கக் கொடுத்திருக்கிறது.

பழைய முறையில் நான் என்ன செய்திருப்பேன்? 6:30க்கு "இன்னும் சிலர் இணைய வேண்டியிருக்கிறது, ஓரிரு நிமிடம் காத்திருப்போம்" என்பேன். 6:36க்கு வரவேற்பு, குழுவைப் பற்றிய அறிமுகம். 6:40க்குப் பேச்சாளர் அறிமுகம். நடுவில் மூன்று முறை புதியவர்களுக்காகத் தலைப்பு. பேச்சு தொடங்கும்போது 6:50.

புதிய முறையில் 6:30க்கு முதல் வாக்கியம் இது: "முதலில் ஒரு குரலைக் கேட்போம். அது யார், எதற்காகப் பேசினார் என்பது பிறகு." உடனே தமிழ்ப் பதிவு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடங்கள். ஒருவனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று தொடங்கும் கதை அது. விவிலியத்தின் ஊதாரி மகன் உவமை. அதன்பிறகே வணக்கம்.

இந்த முதல் நான்கைந்து நிமிடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. பெரும்பாலோர் நுழைகிற நேரம் அது; ஆகவே திரும்பச் சொல்லும் ஆசை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். அதற்கு நான் கண்ட வழி, அந்த நிமிடங்களில் தன்னளவில் முழுமையான, பின்னால் வரும் வாதத்திற்கு அடித்தளமாகாத ஒரு சிறு பொருளை வைப்பது. நேரத்திற்கு வந்தவருக்கு அது உண்மையான உணவு. தவறவிட்டவருக்கு ஒரு சுவை போயிற்று, வாதம் போகவில்லை. ஒரு படம், ஓர் ஆவணத்தின் பக்கம், ஓர் ஒலித்துண்டு எதுவும் ஆகலாம். கருதுகோளையோ வரையறையையோ அங்கே வைத்தால், அடுத்த அரை மணி நேரமும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான்காம் நிமிடத்தில் முதல் நிலவர வாக்கியம். எழுதியது இப்படி: "இந்த ஒரே கதையைத்தான் கிரியர்சன் இந்திய மொழிகள் பலவற்றில் பெயர்த்து வாங்கினார். இத்தனை கதைகள் இருக்க, ஏன் இது? இன்று நாம் கேட்கப்போகும் முதல் கேள்வி அது." அந்த நொடியில் நுழைந்தவருக்குக் கிரியர்சன், மொழிகள், ஒரு கதை, ஒரு கேள்வி ஆகிய அனைத்தும் கிடைத்துவிட்டன. முன்பே இருந்தவருக்கோ தாம் கேட்ட ஒலித்துண்டு எதற்கு என்பது அப்போதுதான் தெரிகிறது. இருவருக்கும் அது புதிய வாக்கியம்.

ஒன்பதாம் நிமிடத்தில் இரண்டாவது: "ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தன்மை முன்னிலை படர்க்கைப் பெயர்கள், பெரும்பாலான வேற்றுமைகள், முக்காலங்கள் அனைத்தும் அந்தச் சிறு கதைக்குள் இருக்கின்றன. ஆகவே இலக்கணம் எடுக்க அது கிரியர்சனுக்கு வசதி. இனி, மொழிபெயர்த்த கதையை வைத்து ஒரு மொழியின் இயல்பான பேச்சை அறிய முடியுமா என்று பார்ப்போம்." முதல் வாக்கியத்தில் கேள்வியாக இருந்தது இதில் விடையாகியிருக்கிறது. கிரியர்சனின் பெயரும் கதையும் மீண்டும் வருகின்றன. ஆனால் அறிமுகமாக வரவில்லை, ஒரு விடையின் உறுப்புகளாக வருகின்றன.

பதினேழாம் நிமிடத்தில் மூன்றாவது: "கணக்கெடுப்பின் களப்பணி சென்னை மாகாணத்தை எட்டவில்லை; ஒலித்தட்டுகள் எட்டின. அச்சில் இல்லாத எதை இந்தக் குரல்கள் நமக்குத் தருகின்றன என்பதே மீதமுள்ள பேச்சு." அதன்பின் தொடக்கத்தின் வேலை முடிந்தது. இடைவெளிகள் நான்கு, ஐந்து, எட்டு என்று விரிந்துகொண்டே போவதைக் காண்பீர்கள். வருகை குறையக் குறைய நிலவரமும் அருகுகிறது. பார்பரின் மூன்று நிமிடம் அவருடைய ஆட்டத்திற்குச் சரி. நாள் முழுதும் எந்த நொடியிலும் வானொலியைத் திருப்புவோர் அவருடைய நேயர்கள். நமக்கோ நுழைவு முன்பகுதியில் குவிகிறது. தவிரவும், கடிகாரத்தைவிட வாதத்தின் மூட்டுகளே எனக்கு முக்கியம். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் மட்டுமே நிலவர வாக்கியம் உட்கார வேண்டும். ஒன்பதாம் நிமிடத்தில் மூட்டு வரவில்லை என்றால் பதினொன்று வரை பொறுக்கலாம். நடு வாதத்தில் நிறுத்தி நிலவரம் சொன்னால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அது விளம்பர இடைவேளையாகிவிடும்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை செய்கிறேன். ஒவ்வொரு நிலவர வாக்கியத்தையும் கையால் மறைத்துவிட்டு, முதல் நொடியிலிருந்து இருப்பவர் எதையாவது இழக்கிறாரா என்று கேட்டுக்கொள்கிறேன். எதையும் இழக்கவில்லை என்றால் அந்த வாக்கியம் பட்டைக்குப் போக வேண்டியது, வாய்க்குரியதன்று.

இந்த முறைக்கு என் நண்பர்களுள் ஒருவர் கடுமையான மறுப்புச் சொன்னார். "வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் பேசிக்கொண்டே இருப்பது என்ன பண்பாடு?" நியாயமான கேள்வி. என் விடை: வாங்க என்று சொல்லுங்கள், ஆனால் பேசுகிறவர் சொல்ல வேண்டாம். அரட்டைப் பெட்டிக்கென ஒருவரை அமர்த்துங்கள். வணக்கம் போடுகிறவருக்கு அவர் வணக்கம் போடுவார்; "இப்போது கதை ஏன் தேர்ந்தது என்ற பகுதி ஓடுகிறது" என்று ஒரு வரி எழுதுவார். அரங்கின் பக்கத்து இருக்கைக்காரர் அவர்தான். அமர்வுக்கு முன்பே அவரிடம் நிலவர வாக்கியங்களின் படியைக் கொடுத்துவிட்டால், அவ்வப்போது வெட்டி ஒட்டிக்கொள்வார்.

பேசுகிறவரே பெயர் சொல்லி வரவேற்பதில் இன்னொரு தொழில்நுட்பக் கோளாறும் உண்டு. யூடியூப் நேரலை நம் பேச்சுக்குச் சில நொடிகள் முதல், அமைப்பைப் பொறுத்து அதற்குக் கணிசமாகக் கூடுதலாகவும் பின்தங்கி ஓடும். ஒருவர் வணக்கம் எழுதி, அதை நான் கண்டு, பெயர் சொல்லி, அது அவர் காதுக்குப் போவதற்குள் அவர் வேறு எங்கோ போயிருப்பார். எஞ்சியிருப்பவர்களுக்கோ நடுவில் ஒரு பெயர் மட்டும் கேட்கும். இதைவிடக் கொடியது, மூத்த பேராசிரியர் எவரேனும் நுழைந்ததும் பேச்சாளரை நிறுத்தி, "ஐயா இணைந்துவிட்டார்கள், வணக்கம் ஐயா" என்று சொல்கிற நம் வழக்கம். ஒருமுறை இளம் ஆய்வாளர் ஒருவர் தம் முதல் உரையின் மூன்றாம் நிமிடத்தில் இப்படி நிறுத்தப்பட்டார். மீண்டும் தொடங்கியவர் தம் தாளில் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது திரையில் தெரிந்தது. அந்த ஐயாவுக்கும் அது பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்தச் சிற்றோசையில்லாத பின்வரிசை அவருக்கும் கிடைக்க வேண்டுமே.

அரட்டைப் பெட்டியை நம்புவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நாங்கள் அதில் விழுந்தோம். வழக்கமான ஜூம் கூட்டத்தில், ஒருவர் நுழைவதற்கு முன் இடப்பட்ட செய்திகள் அவருக்குத் தெரியமாட்டா. 6:30க்கு ஒட்டிய இணைப்பு 6:40க்கு வந்தவருக்கு இல்லவே இல்லை. நாங்களோ "இணைப்பு அரட்டையில் இருக்கிறது" என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்களோ எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூமில் அதை அவ்வப்போது மீண்டும் ஒட்டத்தான் வேண்டும். வாயால் சொல்வதைவிட அது யாருக்கும் தொல்லையில்லாதது. யூடியூபில் ஒரு செய்தியை அரட்டையின் தலையில் பொருத்திவைக்கலாம். பின்னால் வருவோருக்கும் தெரியும். நாங்கள் அங்கே இரண்டே வரிகள் வைக்கிறோம்: ஒலித்துண்டின் இணைப்பு ஒன்று, தொடக்கத்திலிருந்து பார்க்க விரும்புவோர் ஓட்டக்கோட்டைப் பின்னே இழுக்கலாம் என்பது மற்றொன்று. நேரலை அமைப்பில் `Enable DVR` இயக்கத்தில் இருந்தால்தான் இரண்டாவது நடக்கும்.

ஊரில் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவை எல்லாம் பழைய செய்தியாகத் தோன்றலாம். விடிய விடிய நடக்கும் ஆட்டத்திற்கு மக்கள் சாப்பிட்டுவிட்டும் தூங்கி எழுந்தும் வந்துகொண்டே இருப்பார்கள். புதிய வேடம் திரைக்குப் பின் நிற்கும்போது கட்டியக்காரன் நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பான். வேடம் தன் பெயரையும் வந்த காரியத்தையும் சொல்லும். கதையில் நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. ஆனால் எவரும் பார்வையாளரைப் பார்த்துத் தாமதமாக வந்தீர்கள் என்று சொல்வதில்லை. கேள்வி ஆட்டத்துக்குள்ளேயே எழுகிறது. இதைக் கண்டபின், மூன்று நிலவர வாக்கியங்களுள் ஒன்றையாவது நெறியாளர் பேச்சாளரிடம் கேட்கிற கேள்வியாக மாற்றி எழுதுகிறேன். "அப்படியானால் இலக்கணத்திற்கு வசதியான கதை, பேச்சுக்கு வசதியானது இல்லை என்கிறீர்களா?" என்று நான் கேட்டால், அதில் முந்தைய ஐந்து நிமிடங்கள் முழுமையாக இருக்கின்றன. பேச்சாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தவறுகளும் நேர்ந்தன. கிரியர்சன் அமர்வில் முதலில் வைத்த ஒலித்துண்டு, கேட்டவர்களுக்கு அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டது. அரட்டையில் அதைப் பற்றியே பேச்சு. பின்னால் வந்தவர்கள் "என்ன ஒலி? மறுபடி போடுங்கள்" என்று கேட்கத் தொடங்கினார்கள். பொருத்திவைத்த செய்தியில் இணைப்பு இல்லாதிருந்தால் நான் பழைய பாவத்தில் விழுந்திருப்பேன். இன்னொன்று, ஒத்திகையில் எங்களுக்குக் கேட்ட ஒலி, கூட்டத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஜூமில் திரையைப் பகிரும்போது `Share sound` என்பதைத் தேர்வு செய்ய மறந்ததுதான் காரணம். முதல் நாற்பது நொடி மௌனம். அதைச் சரிசெய்து மறுபடி தொடங்கியபோது, நேரத்திற்கு வந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு இரண்டாம் தொடக்கத்தைப் பெற்றார்கள்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின்மேல் நிற்கிற நிறுவல்களைப் பேசும் கணித உரையில், இருபதாம் நிமிடத்தில் நுழைந்தவரை எந்த ஒற்றை வாக்கியமும் காப்பாற்றாது; குறியீடுகளின் பட்டியலைத் திரையோரத்தில் நிறுத்திவைப்பது மட்டுமே அங்கே செய்யக்கூடியது. பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கும் வாசிப்பு வட்டத்தில் இந்த ஏற்பாடெல்லாம் செயற்கையாக இருக்கும். அங்கே வந்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதே இயல்பு. அரை மணி நேர நேரலைக்கு ஒரே ஒரு நிலவர வாக்கியம் போதும்.

பதிவாகப் பின்னால் பார்ப்போரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் அமர்வுகளை நேரலையில் பார்த்தோரைவிடப் பின்னர் பார்த்தோர் அதிகம். அவர்களுள் தாமதமாக வந்தவர் என்று ஒருவரும் இல்லை. பழைய பதிவுகளின் பார்வைத் தக்கவைப்பு வரைபடத்தில், நான் "மீண்டும் ஒருமுறை" என்ற இடங்களில் கோடு பள்ளம் விழுந்திருக்கிறது. மக்கள் தாண்டிச் சென்றிருக்கிறார்கள். புதிய முறையில் நிலவர வாக்கியங்கள் மூட்டுகளில் அமைவதால், அவற்றையே அத்தியாயக் குறிகளாகப் பயன்படுத்திக்கொள்கிறோம். காணொளியின் விவரப் பகுதியில் இப்படி எழுதினால் யூடியூப் தானே பிரித்துக்கொள்கிறது; முதல் வரி `0:00` ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வரிகள் வேண்டும்.

```
0:00 ஒரு குரல்
4:05 ஏன் இந்தக் கதை?
9:20 மொழிபெயர்ப்பும் பேச்சும்
17:10 அச்சில் இல்லாத சென்னை மாகாணம்
```

அடுத்த அமர்வின் தொடக்கத்தை நேற்றிரவு எழுதி முடித்தேன். சரியாக 140 சொற்கள். என் விடுதி அறைத் தோழர் வாசித்துவிட்டு, "இதில் வரவேற்புரையே இல்லையே" என்றார். தலைப்பு என்ன என்று அவரைக் கேட்டேன், சரியாகச் சொன்னார். அவரிடம் நான் கொடுத்திருந்தது இரண்டாம் பக்கம் மட்டும்.